கேன், மஸ்ட், ஹேவ் டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும்போது தவறாமல் வந்து நிற்கும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். வாய்விட்டுப் படிக்க வசதியாக ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். அதனால் ஒரு சின்னச் சிக்கல் உண்டு: இந்தப் பக்கத்தில் ‘குட்’ என்று வந்தால் அது ‘கேன்’ என்பதன் இறந்தகால வடிவம். ‘நல்ல’ என்ற பொருள் தரும் குட் இங்கே எங்கும் வராது.

‘கேன்’னா ‘முடியும்’. அவ்வளவுதானே? இதுல படிக்க என்ன இருக்கு?

அவ்வளவு மட்டும் இல்லை. ‘எனக்கு நீந்தத் தெரியும்’, ‘என்னால் இன்றைக்கு நீந்த முடியும்’, ‘நீ இங்கே நீந்தலாம்’ என்று தமிழில் மூன்று சொற்களால் பிரித்துச் சொல்கிறோம். முதலாவது கற்ற வித்தை, இரண்டாவது உடம்பும் நேரமும் இடம் கொடுப்பது, மூன்றாவது அனுமதி. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ‘கேன் ஸ்விம்’ போதும். எது என்பதைச் சூழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் தடுக்கி விழுவது பெரும்பாலும் ‘தெரியும்’ என்ற இடத்தில்தான். ‘எனக்கு நீந்தத் தெரியும்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ஐ நோ ஸ்விம்மிங்’ என்கிறார்கள். ‘ஐ கேன் ஸ்விம்’ என்றாலே அந்தப் பொருள் வந்துவிடும். இத்தனைக்கும் பழைய ஆங்கிலத்தில் ‘கேன்’ என்ற வினைக்கு ‘அறிதல்’ என்பதுதான் பொருளாக இருந்தது. நம்முடைய ‘தெரியும்’ அதற்கு ரொம்பவே நெருங்கிய உறவு.

‘ஹி கேன்ஸ்’, ‘ஐ கேன் டு கோ’, ‘ஐ வில் கேன்’ எல்லாம் ஏன் தப்பு?

கேன், குட், மே, மஸ்ட், ஷுட் இவையெல்லாம் தனி ரகம். எழுவாய் யாராக இருந்தாலும் உருவம் மாறாது, பின்னால் ‘டு’ வராது, ‘இங்’ ஒட்டாது, இவற்றில் இரண்டு அடுத்தடுத்து நிற்கவும் நிற்காது. ‘வில்’லும் இதே ரகம் என்பதால்தான் ‘வில் கேன்’, ‘வில் மஸ்ட்’ இரண்டும் உடைகின்றன.

‘ஹேவ் டு’, ‘பி ஏபிள் டு’, ‘பி அலவுட் டு’ மூன்றும் பொருளில் இவற்றைப் போலவே இருந்தாலும், இலக்கணத்தில் சாதாரண வினைகள். ‘ஹேஸ் டு’, ‘ஹேட் டு’, ‘வில் ஹேவ் டு’ என்று எந்தக் காலத்துக்கும் வளையும். ஆகவே முதல் கூட்டம் போக முடியாத இடங்களுக்கெல்லாம் இந்த இரண்டாம் கூட்டம் போகும்: ‘ஐ வில் பி ஏபிள் டு கம்’, ‘யூ வில் ஹேவ் டு வெயிட்’. கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த இடைவெளியிலிருந்து பிறந்தவைதான்.

மஸ்ட், ஹேவ் டு ரெண்டுக்கும் ‘வேண்டும்’தான் அர்த்தம். எதை எங்கே போடறது?

கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பேசுகிறவரிடமிருந்தே வந்தால் மஸ்ட், வெளியிலிருந்து வந்தால் ஹேவ் டு. ‘ஐ மஸ்ட் ஸ்டாப் ஸ்மோக்கிங்’ என்றால் எனக்கே மனதில் உறைத்துவிட்டது. ‘ஐ ஹேவ் டு ஸ்டாப் ஸ்மோக்கிங்’ என்றால் மருத்துவர் சொல்லிவிட்டார், எனக்கு வேறு வழியில்லை.

இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்று யோசிக்காதீர்கள். இன்றைய பேச்சில் இரண்டு வகைக் கட்டாயத்துக்கும் ஹேவ் டுதான் அதிகம் ஓடுகிறது. 1961-ல் அச்சான ஆங்கிலத்தையும் 1991-ஐ ஒட்டி அச்சானதையும் ஆளுக்குப் பத்து லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்புகளாக்கி ஒப்பிட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலம் இரண்டிலுமே அந்த 30 ஆண்டுகளில் மஸ்ட் தெளிவாகக் குறைந்திருந்தது. சந்தேகம் வந்தால் ஹேவ் டு போட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை.

இன்னொன்று. எதிரில் இருப்பவரைப் பார்த்து ‘யூ மஸ்ட்’ என்றால் அதிகாரத் தொனி வந்துவிடும். மேலதிகாரிக்கு ‘யூ மஸ்ட் சைன் திஸ்’ என்று எழுதினால் அவர் புருவம் உயரும். ஆனால் ‘யூ மஸ்ட் ட்ரை திஸ்’ என்பது அன்பான வற்புறுத்தல், நாம் ‘அவசியம் சாப்பிட்டுப் பாருங்கள்’ என்போமே அந்த மாதிரி. கேட்பவருக்கு நன்மை தரும் விஷயமானால் மஸ்ட் உபசாரமாகிவிடுகிறது.

பேச்சுல குறைஞ்சுடுச்சுன்னா, மஸ்ட்டை எதுக்குப் படிக்கணும்?

விதி எழுதும் இடத்தில் அது இன்னும் ராஜாதான். அறிவிப்புப் பலகை, தேர்வு விதிமுறை, ஒப்பந்தம் எல்லாவற்றிலும் பார்க்கலாம். விதி போடுபவரே அங்கே பேசுகிறார் என்பதால் முந்தைய பதிலோடும் இது பொருந்திப்போகிறது.

நல்ல உதாரணம் இணையத் தொழில்நுட்ப ஆவணங்கள். அவற்றில் வரும் `MUST`, `MUST NOT`, `SHOULD`, `MAY` போன்ற சொற்கள் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பலம் என்று வரையறுப்பதற்காகவே 1997-ல் `RFC 2119` என்ற ஆவணம் வெளியானது. அதன்படி `MUST` என்றால் விதிவிலக்கே இல்லை. `SHOULD` என்றால், தகுந்த காரணம் இருந்தால், விளைவை எடைபோட்டுவிட்டு மீறலாம். `MAY` என்றால் செய்வதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

‘மஸ்ட் நாட்’, ‘டோன்ட் ஹேவ் டு’ ரெண்டும் ஒண்ணுதானே? மஸ்ட்டும் ஹேவ் டுவும் ஒண்ணுன்னா, எதிர்மறையும் ஒண்ணாத்தானே இருக்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் அவசியமில்லை. நேர்மறையில் தோளோடு தோள் நின்ற இரண்டும் எதிர்மறையில் எதிரெதிர்த் திசையில் போய்விடுகின்றன.

எனக்குத் தெரிந்த ஒருவர், வாடிக்கையாளர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதினார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் உள்ளூர் ஆட்களுக்கானது, அவர் சிரமப்பட வேண்டாம் என்பது எண்ணம். மனதில் ஓடிய தமிழ் ‘நீங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு வர வேண்டாம்’. வேண்டும் என்றால் மஸ்ட், ஆகவே வேண்டாம் என்றால் மஸ்ட் நாட் என்று கணக்குப் போட்டு, ‘யூ மஸ்ட் நாட் அட்டெண்ட் த ஃப்ரைடே மீட்டிங்’ என்று அனுப்பிவிட்டார். அங்கே போய்ச் சேர்ந்த பொருள்: ‘அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் வரவே கூடாது’. தன்னை எதற்காக ஒதுக்குகிறார்கள் என்று கேட்டு மறுநாளே பதில் வந்தது. ‘யூ டோன்ட் ஹேவ் டு அட்டெண்ட்’ என்று எழுதியிருந்தால் ஒரு நன்றியோடு முடிந்திருக்கும்.

குற்றம் அவருடையது மட்டும் இல்லை, நம்முடைய ‘வேண்டாம்’ செய்கிற வேலை அது. ‘நீ அங்கே போக வேண்டாம்’ என்பதை அம்மா கண்டிப்போடு சொன்னால் தடை. நண்பர் சொன்னால் ‘நீ ஏன் அலைகிறாய், நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்ற சலுகை. ஒரே சொல்லைக் குரலை வைத்துப் பிரித்துவிடுகிறோம். ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்தக் குரல் கூட வராது. எழுதுவதற்கு முன்பு நீங்களே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

சரி, குழம்பாம இருக்க ஒரு வழி சொல்லுங்களேன்.

உங்கள் ‘வேண்டாம்’ இருக்கும் இடத்தில் முதலில் ‘கூடாது’ போட்டுப் பாருங்கள், அப்புறம் ‘தேவையில்லை’ போட்டுப் பாருங்கள். எது நீங்கள் நினைத்ததோ அதை மட்டும் மொழிபெயருங்கள். ‘கூடாது’ என்றால் மஸ்ட் நாட் அல்லது கான்ட். ‘தேவையில்லை’ என்றால் டோன்ட் ஹேவ் டு அல்லது நீடன்ட். அந்த மின்னஞ்சலில் ‘வரக்கூடாது’ என்று வைத்துப் பார்த்திருந்தால் அவருக்கே சுரீர் என்றிருக்கும்.

ஏன் இப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு: ‘இல்லை’ எதன் மேல் விழுகிறது என்பதுதான் சூட்சுமம். மஸ்ட் நாட்டில் அது செயலின் மேல் விழுகிறது. ‘போகாமல் இருப்பது’ கட்டாயம். டோன்ட் ஹேவ் டுவில் அது கட்டாயத்தின் மேலேயே விழுகிறது. ‘போக வேண்டும் என்ற கட்டாயம்’ கிடையாது, போனாலும் தப்பில்லை. மஸ்ட் நாட் கதவைப் பூட்டுகிறது, டோன்ட் ஹேவ் டு கதவைத் திறந்தே விடுகிறது.

‘மஸ்ட் ஐ கம்?’னு ஒருத்தர் கேட்டா, வர வேண்டாம்னு சொல்ல ‘நோ, யூ மஸ்ட் நாட்’னு சொல்லலாமா?

கேள்வியில் மஸ்ட் வந்தால் பதிலிலும் மஸ்ட் வர வேண்டும் என்று தோன்றும், பொறியே அதுதான். அவர் கேட்பது ‘கட்டாயமா?’ என்று. கட்டாயமில்லை என்பதற்கு ‘நோ, யூ டோன்ட் ஹேவ் டு’ அல்லது ‘நோ, யூ நீடன்ட்’. மஸ்ட் நாட் சொன்னால் கேட்காத தடையைப் போட்டதாகிவிடும்.

பேச்சில் ‘மஸ்ட் ஐ?’ என்று கேட்பதே அபூர்வம். கேட்டாலும் ‘நான் வந்தே தீரணுமா?’ என்ற சலிப்பு அதில் ஒலிக்கும். ‘டூ ஐ ஹேவ் டு கம்?’ என்று கேளுங்கள். ஹேவ் டு சாதாரண வினை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் கேள்விக்கு அது ‘டூ’வைத் துணைக்கு அழைத்துக்கொள்ளும். ‘ஹேவ் ஐ டு கம்?’ என்பது பழைய பாணி.

அனுமதி கேக்க ‘கேன் ஐ’ மரியாதைக் குறைவா? ‘மே ஐ’தான் சரின்னு ஸ்கூல்ல சொன்னாங்க.

மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ‘கேன் ஐ’ அன்றாடம், ‘குட் ஐ’ ஒரு படி பணிவு, ‘மே ஐ’ சம்பிரதாயம். தெரியாதவரிடம் ‘குட் ஐ’ எப்போதும் பத்திரமான தேர்வு.

சுவாரசியம் பதிலில்தான் இருக்கிறது. ‘குட் ஐ சிட் ஹியர்?’ என்று கேட்டால், ‘யெஸ், யூ குட்’ என்று யாரும் அனுமதி தர மாட்டார்கள். ‘யெஸ், யூ கேன்’ அல்லது ‘ஆஃப் கோர்ஸ்’தான். கேட்கும்போது தயங்கினால் அது பணிவு. கொடுக்கும்போது தயங்கினால், ‘உட்காரலாம்தான், ஆனால்...’ என்று இழுப்பது போல ஆகிவிடும்.

அவங்க ‘கேன்’ சொன்னாங்களா ‘கான்ட்’ சொன்னாங்களான்னே காதுல விழமாட்டேங்குது.

கடைசி ‘ட்’டைத் தேடுவதால்தான் விழவில்லை. வேகமான பேச்சில் அந்த ஒலி அடுத்த சொல்லோடு கரைந்துவிடும். அழுத்தத்தைக் கேளுங்கள். நேர்மறை வாக்கியத்தில் கேன் சுருங்கி ‘க்கன்’ என்று சட்டெனக் கடந்துபோகும், பலம் முழுவதும் அடுத்த வினையில் விழும்: ‘ஐ க்கன் *கம்*’. எதிர்மறையில் அந்தச் சொல்லே பலமாக, முழு உயிரொலியோடு ஒலிக்கும்: ‘ஐ *கான்ட்* கம்’. அமெரிக்கர்கள் சொன்னால் ‘கேன்ட்’ மாதிரி கேட்கும்.

நாம் பேசும்போது இது தலைகீழாகத் திருப்பி அடிக்கும். ‘வர முடியும்’ என்பதற்கு ‘ஐ *கேன்* கம்’ என்று கேனை அழுத்தினால், அமெரிக்கக் காதுக்கு அது ‘கேன்ட்’ என்று விழக்கூடும். நேர்மறையில் கேனை விழுங்குங்கள்.

இதே இடத்தில் இன்னும் இரண்டு உச்சரிப்புகள். ‘ஹேவ் டு’ பேச்சில் ‘ஹேஃப் டு’ ஆகும். ‘மஸ்ட் நாட்’ சேர்ந்து சுருங்கும்போது நடுவில் இருக்கும் ‘ட்’ ஒலிக்காது, ‘மஸன்ட்’.

நேத்து கடைசி நிமிஷத்துல ரயிலைப் பிடிக்க முடிஞ்சுது. ‘ஐ குட் கேட்ச் த ட்ரெயின்’ சரியா?

இல்லை. ‘ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் த ட்ரெயின்’ அல்லது ‘ஐ மேனேஜ்ட் டு கேட்ச்’. குட் என்பது ஒரு காலத்தில் பொதுவாக இருந்த திறமைக்கு: ‘பத்து வயதில் என்னால் வேகமாக ஓட முடியும்’ என்பதற்கு ‘ஐ குட் ரன் ஃபாஸ்ட்’. குறிப்பிட்ட ஒரு தடவை முயன்று நடத்திக் காட்டிய செயலுக்கு அது போதாது. நம்முடைய ‘முடிந்தது’ செயல் நடந்தேறியதையும் சேர்த்துச் சொல்கிறது, குட் அதைச் சொல்லாது.

எதிர்மறைக்கு இந்தத் தொல்லை இல்லை. ‘ஐ குடன்ட் கேட்ச் த ட்ரெயின்’ தாராளமாகச் சொல்லலாம். திறமை இல்லை என்றாலும் நடக்கவில்லை என்றாலும் விளைவு ஒன்றுதான். பார்த்தல், கேட்டல் போன்ற புலன் வினைகளுக்கும் விலக்கு உண்டு: ‘ஐ குட் ஹியர் எ நாய்ஸ்’ என்பது அந்த ஒரு தடவைக்கே சரி. அனுமதிக்கும் இதே கணக்குதான். ஒருமுறை உள்ளே விட்டார்கள் என்றால் ‘ஐ வாஸ் அலவுட் டு என்டர்’, குட் அல்ல.

மஸ்ட்டுக்கு இறந்தகாலம் என்ன? எங்கேயும் காணோமே?

‘ஹேட் டு’தான். மஸ்ட்டுக்குச் சொந்தமாக இறந்தகாலம் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், மஸ்ட்டே ஒரு காலத்தில் இறந்தகால வடிவம். பழைய ஆங்கிலத்தில் இருந்த வேறொரு வினையின் இறந்தகாலம். அந்த வினை வழக்கொழிந்துபோக, பிள்ளை மட்டும் நிகழ்காலத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்தவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது மட்டும் மஸ்ட் அப்படியே நிற்கலாம்: ‘ஷி செட் ஐ மஸ்ட் கோ’. மற்றபடி ‘நேற்று நான் போக வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஐ ஹேட் டு கோ’.

‘அவர் போயிருக்க வேண்டும்’ங்கிறதை எப்படிச் சொல்றது? ‘ஹி ஹேட் டு கோ’ தானே?

இது நிஜமாகவே வம்பான கேள்வி, ஏனென்றால் தமிழ் வாக்கியத்துக்கே இரண்டு பொருள். அவருடைய வண்டி வாசலில் இல்லை, செருப்பும் இல்லை. ‘அவர் போயிருக்க வேண்டும்’ என்கிறோம். இது ஊகம்: ‘ஹி மஸ்ட் ஹேவ் கான்’. இன்னொரு பக்கம், கல்யாணத்துக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. ‘அவர் போயிருக்க வேண்டும்’ என்று குறைப்படுகிறோம். இது நடக்காததைப் பற்றிய ஆதங்கம்: ‘ஹி ஷுட் ஹேவ் கான்’. ஒன்றில் போய்விட்டார், மற்றொன்றில் போகவே இல்லை.

‘ஹி ஹேட் டு கோ’ இந்த இரண்டிலும் சேராது. அது ‘போக வேண்டியிருந்தது’; கேட்பவர் ‘சரி, போனார்’ என்றே எடுத்துக்கொள்வார். மஸ்ட்டின் ஊகப் பொருளில் இன்னொரு வழுக்கலும் உண்டு. ‘அவர் போயிருக்க முடியாது’ என்று மறுத்து ஊகிக்க வேண்டுமானால் மஸ்ட் நாட்டைத் தேடாதீர்கள். ‘ஹி கான்ட் ஹேவ் கான்’ என்று சொல்லுங்கள்.

‘டிடன்ட் ஹேவ் டு கோ’, ‘நீடன்ட் ஹேவ் கான்’. ரெண்டும் ‘போகத் தேவையில்லை’ன்னுதானே வருது?

தேவையில்லை என்பது வரை ஒன்று. போனாரா என்பதில்தான் பிரிகின்றன. ‘ஐ நீடன்ட் ஹேவ் கான்’ என்றால் போய்விட்டேன், போன பிறகுதான் வீண் என்று தெரிந்தது. கூட்டம் ரத்தானது தெரியாமல் இரண்டு மணி நேரம் பயணம் செய்து, பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர் சொல்வது இது.

‘ஐ டிடன்ட் ஹேவ் டு கோ’ என்றால் அன்றைக்குக் கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். ரத்தான செய்தி காலையிலேயே கிடைத்து வீட்டிலேயே இருந்துவிட்டவர் பெரும்பாலும் இப்படிச் சொல்வார். கட்டாயம் இல்லாமலே போனவரும் சொல்லலாம், ஆனால் அவர் ‘பட் ஐ வென்ட் எனிவே’ என்று ஒட்டிக்கொள்வார். அப்படி எதுவும் ஒட்டாவிட்டால், அவர் போகவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.